ஊட்டிக்கு எந்த விளம்பரம்: மே மாதக் கோடை விழாவா, செப்டம்பரின் இரண்டாவது சீசனா?

உதகமண்டலத்தை விளம்பரப்படுத்த இரண்டு வழிகள் உண்டு. ஏற்கெனவே பெயர் பெற்ற கோடை விழாவை இன்னும் பெரிதாக்குவது ஒன்று; செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாவது சீசனுக்கு ஆள் சேர்ப்பது மற்றொன்று.

கோடை விழாவின் பலம் அதன் பழக்கம். 1848-இல் தொடங்கப்பட்ட அரசு தாவரவியல் பூங்காவின் மலர்க் கண்காட்சியும், ‘மலைகளின் அரசி’ என்ற பெயரும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியவை அல்ல. சமவெளியில் வெயில் ஏறினாலே பாதி விளம்பரம் முடிந்துவிடும். சிக்கல் இடவசதியில் இருக்கிறது. 2025 கோடையில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வரம்பு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 என வைக்கப்பட்டது. அப்படியானால் ஒரு வாரத்துக்கு மொத்தம் 46,000 வாகனங்கள்தாம். சனி, ஞாயிறு வரம்பு நிரம்பிய பிறகு செலவிடும் விளம்பரப் பணம், இ-பாஸ் கிடைக்காதவரின் எரிச்சலைத்தான் வாங்கித் தரும். குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் பாதையில் மணிக்கணக்கில் நின்றவர் ஊருக்குத் திரும்பி எதைப் பேசுவார் என்பதும் ஊரின் பெயரோடு சேர்ந்ததே.

இரண்டாவது சீசனில் இந்த நெருக்கடி குறைவு. தென்மேற்குப் பருவமழை முடியும் தறுவாயில் பைக்காரா அருவியில் நீர் நிறைந்திருக்கும், புல்வெளிகள் பசுமையாக இருக்கும், பூங்காவில் மீண்டும் பூந்தொட்டிகள் அடுக்கப்படும். ஆனால் பள்ளிக் குடும்பங்களை நம்பினால் காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜையும் தவிர வேறு நாள்கள் கிடைப்பதில்லை; அக்டோபர் பிற்பகுதியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் மண்சரிவால் மேட்டுப்பாளையம் மலை ரயிலே நின்றுபோகக்கூடும். அப்போது முன்பதிவை ரத்து செய்தவருக்குப் பணத்தைத் திருப்பித் தர விடுதிகள் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளாவிட்டால், ஒரே மழையில் அந்த ஆண்டின் விளம்பரம் கரைந்துவிடும்.

உள்ளூர்க்காரர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. வர்க்கியும் சாக்லேட்டும் விற்கும் கடைக்காரருக்கு, ஆண்டு வாடகையின் பெரும்பகுதி மே மாத வியாபாரத்திலிருந்துதான் வர வேண்டும். இ-பாஸை எதிர்த்து 2025 ஏப்ரலில் வணிகர்கள் கடையடைத்தது வீம்பினால் அல்ல. கேரட் மூட்டைகளை மண்டிக்கு ஏற்றும் விவசாயிக்கோ அதே மாதம் சாலை அடைபடும் காலம். ஆண்டு முழுவதும் ஊழியர்களுக்குச் சம்பளம் தரும் விடுதி உரிமையாளர் செப்டம்பர் பக்கம் சாய்வார். சீசனுக்கு மட்டும் வீட்டை வாடகைக்கு விடுபவருக்கு அந்தக் கவலை இல்லை.

என் சாய்வு இரண்டாவது சீசனின் பக்கம், அதுவும் வார நாள்களுக்கு. பள்ளிக் குழந்தைகள் இல்லாத இளம் தம்பதியரையும் ஓய்வுபெற்றவர்களையும் திங்கள் முதல் வியாழன் வரையிலான கட்டணச் சலுகையோடு அழைப்பதே அங்கு பலிக்கும். மே மாதத்துக்கு விளம்பரம் செய்தே ஆக வேண்டுமானால், அது பூக்களைப் பற்றியதாக இல்லாமல், இ-பாஸ் தேவைப்படாத அரசுப் பேருந்தையும் மலை ரயிலையும் பற்றியதாக இருக்கட்டும்.