குடியேற்ற அலுவலகக் கடிதத்தைத் தமிழாக்கக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

அம்மா அமெரிக்காவில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார். தங்கச்சி அந்நாட்டுக் குடிமகள். அம்மாவின் கிரீன் கார்டுக்காக அவள் போட்ட விண்ணப்பத்தின் பேரில், 2024 மார்ச் மாதம் குடியேற்ற அலுவலகத்திலிருந்து கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தது. அம்மாவின் பிறப்புக்கான ஆதாரம் முக்கியமாகக் கேட்டிருந்தார்கள். அதை ஊரில்தான் எடுக்க முடியும். ஊரில் இருப்பது நான். கோவில்பட்டியில் கடை வைத்திருக்கிறேன், படித்தது தமிழ் வழி. நான் தடுமாறக் கூடாதே என்று தங்கச்சி அங்கேயே ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்கு 90 டாலர் கட்டினாள். ‘குடியேற்றக் கடிதங்களில் அனுபவம் உண்டு, முழு மொழிபெயர்ப்பு’ என்று ரசீதிலேயே போட்டிருந்தார்கள். இரண்டு பக்கத் தமிழ் நேராக என் வாட்ஸ்அப்புக்கு வந்தது. மூலக் கடிதம் ஐந்து பக்கம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்தத் தமிழில் கடைசித் தேதி ‘2024 ஜூலை 6’ என்று இருந்தது. நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஏப்ரலில் கடை வேலை, ஒரு கல்யாணம் என்று போய்விட்டது. மே 19 ஞாயிறு தங்கச்சி போன் செய்தாள். “அண்ணே, பேப்பர் எல்லாம் எந்த நிலையில இருக்கு?” “ஜூலை ஆறுக்குள்ளதானே, வந்துரும்மா” என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம்தான் சொன்னாள், கெடு ஜூன் 7 என்று.

கடிதத்தில் அச்சாகியிருந்தது 06/07/2024. அமெரிக்காவில் மாதம் முதலில், நாள் அப்புறம். நம் ஊர் முறையில் படித்தால் ஜூலை 6. மொழிபெயர்த்தவர் நம் முறையில் படித்துவிட்டார். அதே கையோடு, கடிதம் எழுதப்பட்ட நாளான 03/12/2024ஐயும் ‘டிசம்பர் 3’ ஆக்கியிருந்தார். மார்ச்சில் கையில் கிடைத்த கடிதத்துக்கு டிசம்பர் தேதி எப்படி வரும்? அந்த ஒரு வரியை நான் நின்று படித்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். கடிதத் தேதி கைக்கு வந்த நாளுக்குப் பிந்தியதாக இருந்தால், மற்ற தேதிகளும் தலைகீழாகத்தான் இருக்கும். எண்ணிப் பார்த்தும் சோதிக்கலாம். எங்கள் கடிதத்தில் 84 நாள் என்றும், தபாலில் வந்ததால் கூட 3 நாள் என்றும் இருந்தது. மார்ச் 12க்கு அடுத்த நாளிலிருந்து 87 நாள் எண்ணினால் ஜூன் 7 வந்து நிற்கும்.

கெடு தாண்டினால் இன்னும் பத்து நாள் கொடுங்கள் என்று கேட்க வழி கிடையாது, இந்த வகைக் கடிதத்துக்கு நீட்டிப்பு தருவதில்லை. தமிழில் ‘அதற்குள் அனுப்பி வைக்கவும்’ என்று இருந்ததும் தவறு. அந்தத் தேதிக்குள் அவர்கள் அலுவலகத்தில் கிடைத்திருக்க வேண்டும். ஜூன் 7 அன்று தபாலில் போட்டிருந்தால் தாமதம்தான்.

பயம் வந்த பிறகு, கல்லூரியில் படிக்கும் என் மகளை உட்கார வைத்து, தங்கச்சி அனுப்பிய மூலக் கடிதத்தைத் தமிழோடு வரி வரியாக ஒப்பிட்டேன். தேதியை விட மோசமானது ஒன்று அப்போது தெரிந்தது. அம்மா பிறந்தது 1957இல், கிராமத்தில். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் வந்தது. அம்மாவின் பிறப்பு பதிவாகவே இல்லை. இப்படிப்பட்டவர்களுக்குக் கடிதத்தில் வழி சொல்லியிருந்தார்கள்: பதிவு இல்லை என்று பதிவாளர் தரும் சான்றிதழும் வேண்டும், பள்ளிப் பதிவு போன்ற வேறொரு ஆதாரமும் வேண்டும். அதுவும் கிடைக்காத நிலையில்தான், பிறப்பை நேரடியாக அறிந்த இரண்டு பேரின் உறுதிமொழிப் பத்திரம். எனக்கு வந்த தமிழிலோ, ‘பதிவின்மைச் சான்று அல்லது பள்ளிச் சான்று அல்லது உறவினர் இருவரின் உறுதிமொழி’. எது சுலபமோ அதை எடுத்தேன். பெரிய மாமாவையும் பெரியம்மாவையும் நோட்டரியிடம் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கி, வேலை முடிந்தது என்று இருந்தேன். ‘உம்’ வர வேண்டிய இடத்தில் ‘அல்லது’ வந்ததால், கேட்டதில் முதல் இரண்டும் என் கையில் இல்லை.

மே 20 திங்கள் காலையில் பதிவின்மைச் சான்றுக்கு மனுக் கொடுத்தேன். எட்டு நாளில் கிடைத்தது. பள்ளிதான் பாடாய்ப் படுத்தியது. கோடை விடுமுறை, பூட்டிக் கிடக்கிறது. தலைமை ஆசிரியர் வீட்டைத் தேடிப் போனேன். நல்ல மனிதர், மறுநாளே வந்து அலமாரியைத் திறந்து, பழைய சேர்க்கைப் பதிவேட்டில் அம்மாவின் பெயர், பிறந்த தேதி, தாத்தா பெயர் இருந்த வரியைக் கண்டுபிடித்து நகல் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். அது தமிழில் இருந்ததால் ஆங்கிலமாக்கமும் சேர்க்க வேண்டியிருந்தது. அதில் ‘இது முழுமையானது, சரியானது, இரு மொழியும் எனக்குத் தெரியும்’ என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெறும் நோட்டரி முத்திரை அதற்கு ஈடாகாது.

கூரியருக்கு நாள் இல்லை. தெளிவான நகலே போதும், அசல் என்று குறிப்பிட்டுக் கேட்டால் மட்டும் அசல் என்பது எங்களுக்குக் கைகொடுத்தது. ஸ்கேன் செய்து அனுப்பினேன். தங்கச்சி அச்செடுத்து, வந்த கடிதத்தை மேலே வைத்து, ஜூன் 3 அன்று அனுப்பினாள். 5ஆம் தேதி போய்ச் சேர்ந்தது.

தமிழில் விட்டுப்போன மூன்று பக்கத்தில் இன்னொன்று இருந்தது. கேட்ட எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்ப வேண்டும். பாதியை அனுப்பினால், கையில் இருப்பதை வைத்தே முடிவு சொல்லுங்கள் என்று நாம் கேட்டதாக எடுத்துக்கொள்வார்கள். உறுதிமொழிப் பத்திரத்தை முதலில் அனுப்பிவிட்டு மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று ஏப்ரலிலேயே நான் சொன்னேன். சேர்த்தே அனுப்புவோம் என்று தங்கச்சி தடுத்தாள். அவள் தடுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கை நடுங்குகிறது.

படிவ எண்ணிலும் கோட்டை விட்டிருந்தார்கள். மூலத்தில் I-864, I-864A என்று இரண்டு. முதலாவது தங்கச்சி தரும் பொருளாதார ஆதரவு உறுதி. இரண்டாவது, அவள் கணவர் தன் வருமானத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்திடும் தனிப் படிவம். தமிழில் I-864 மட்டும்தான். தங்கச்சி ஆங்கிலக் கடிதத்தைப் பார்த்து நிரப்பியதால் தப்பித்தோம். தமிழை நம்பி நிரப்புகிற வீட்டில் ஒரு படிவமே காணாமல் போயிருக்கும்.

நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டபோது, “நாங்கள் சாராம்சம்தான் தந்தோம்” என்றார்கள். ரசீதில் முழு மொழிபெயர்ப்பு என்று இருப்பதைக் காட்டியும் பணம் திரும்பவில்லை. அவர்கள் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் யாரிடம் கொடுத்தாலும், பக்க எண்ணிக்கையைப் பாருங்கள். மாதத்தை எண்ணில் எழுதாமல் ‘ஜூன்’ என்று பெயரால் எழுதச் சொல்லி, பக்கத்திலேயே மூலத்தில் உள்ளபடி 06/07/2024 என்றும் போடச் சொல்லுங்கள். படிவ எண்ணை ஆங்கில எழுத்தில் அப்படியே விடச் சொல்லுங்கள், கடைசி எழுத்து வரை. ‘அல்லது’ வருகிற ஒவ்வொரு இடத்தையும் ஆங்கிலம் தெரிந்த ஒருவரை வைத்து மூலத்தில் தேடிப் பாருங்கள். என் மகளுக்கு இது முழுவதற்கும் முக்கால் மணி நேரம்தான் ஆனது. கடிதம் வந்த வாரமே செய்திருந்தால் பூட்டிய பள்ளிக்கு முன்னால் நான் நின்றிருக்க வேண்டியதில்லை.