ஈரக் கையும் ஐந்து நொடியும்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஏலம் முடிந்ததும் யார் எத்தனை கூடை எடுத்தார், எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் போனில்தான் குறிக்கிறேன். இரண்டு வருடமாக ஒரே கணக்குச் செயலி. பெயர் உள்ள வரியை வலப்பக்கம் தள்ளினால் பாக்கி தீர்ந்தது; இடப்பக்கம் தள்ளினால் வரியே அழிந்துவிடும்.

செதில் ஒட்டிய ஈர விரலோடு இதை நம்பலாமா என்று முதலில் தயங்கினேன். தயக்கத்தைப் போக்கியது அதிர்வுதான். வரி ஏறக்குறையப் பாதித் திரையைக் கடக்கும்போது விரலுக்கடியில் சிறிய துடிப்பு ஒன்று வருகிறது. இப்போது விரலை எடுத்தால் வேலை நடந்துவிடும் என்பது அதன் பொருள். எடுக்காமல் பின்னுக்கு இழுத்தால் மறுபடி ஒரு துடிப்பு. வரி பழைய இடத்துக்குப் போய்விடுகிறது. தராசைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்ய முடிகிறது. திரையில் தண்ணீர் சொட்டினால் தொடுகை நடுவழியில் அறுந்துவிடும். அப்போதும் பாதியைத் தாண்டாத வரி தானாகத் திரும்பிவிடுவதால் கெடுதல் இல்லை. வேலை முடிந்த பிறகு மட்டும் அதிரும் செயலிகளும் உண்டு. கூடை கவிழ்ந்த பிறகு கூவுகிற கதை அது.

ஒரு குறை: பேட்டரி சேமிப்பை இயக்கினால் என் போனில் அதிர்வு நின்றுவிடுகிறது. மதியத்துக்குப் பிறகு வரும் பிழைகள் பெரும்பாலும் இதனால்தான். இன்னொன்று, திரையின் ஓரத்திலிருந்து தள்ளத் தொடங்கினால் போன் அதைப் ‘பின்செல்’ என்று எடுத்துக்கொள்கிறது. வரியின் நடுவில் விரல் வைத்துப் பழகிக்கொண்டேன்.

என்னை ஏமாற்றியது ‘செயல்தவிர்’ பட்டைதான். தள்ளியதும் அடியில் ஐந்து நொடி நிற்கும். ஒரு நாள் ஐஸ் வியாபாரியின் வரியைத் தவறாக வலப்பக்கம் தள்ளி, உடனே செயல்தவிர்த்தேன். பாக்கி திரும்பி வந்தது. பத்து நிமிடத்தில் அவரே வந்து, “அண்ணே, நான் கொடுக்காத பணத்துக்கு நன்றி சொல்லிக் குறுஞ்செய்தி வந்திருக்கிறதே?” என்றார்.

அன்று மாலை மகனின் போனிலும் அதே கணக்கைத் திறந்து வைத்துச் சோதித்தேன். என் போனில் பட்டை இன்னும் நிற்கும்போதே அவன் திரையில் பாக்கி பூஜ்யமாகிவிட்டது. அதாவது செயலி ஐந்து நொடி காத்திருக்கவில்லை. உடனே செய்துவிட்டு, நான் கேட்டால் எதிர்ப்பதிவு போடுகிறது. கணக்குக்கு அது போதும். அனுப்பிய குறுஞ்செய்தியை எந்த எதிர்ப்பதிவும் திரும்ப அழைக்காது. ஜிமெயிலில் அனுப்பிய அஞ்சலை நிறுத்த முடிவது, நாம் தேர்ந்த 5 முதல் 30 நொடிவரை அது உண்மையிலேயே அஞ்சலைப் பிடித்து வைத்திருப்பதால்தான்.

தானாகச் செல்லும் குறுஞ்செய்தியை அமைப்பில் நிறுத்திவிட்டேன். இப்போது மாலையில், கையைக் கழுவிவிட்டு, ஒவ்வொன்றாக நானே அனுப்புகிறேன்.