கேம்பஸில் செலக்ட் ஆனவர்களே, கையில் இருப்பது ஆஃபர் லெட்டர்தானா என்று பாருங்கள்

ஏழாவது செமஸ்டரில் கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கம்பெனி பெயரும் கல்லூரி பெயரும் வேண்டாம், அது இல்லாமலேயே விஷயம் புரியும்.

2023 ஆகஸ்டில் ஒரு பெரிய ஐ.டி. கம்பெனி வந்தது. ஆப்டிட்யூட், கோடிங், டெக்னிக்கல், எச்.ஆர். என்று எல்லா ரவுண்டும் முடிந்து சாயங்காலம் ஆடிட்டோரியத்தில் பெயர்களைப் படித்தார்கள். சில நாளில் மெயிலில் ஒரு பிடிஎஃப் வந்தது. தலைப்பு "லெட்டர் ஆஃப் இன்டென்ட்". ஆஃபர் லெட்டர் டிகிரி முடிந்த கையோடு வந்துவிடும் என்று ரெக்ரூட்டர் மேடம் மேடையிலேயே மைக்கில் சொன்னார். 2024 மே மாதம் தேர்வு முடிந்தது, ரிசல்ட்டும் வந்தது, ப்ரொவிஷனல் சர்டிஃபிகேட்டை போர்ட்டலில் ஏற்றியும் ஆயிற்று. 2025 பொங்கலும் போய்விட்டது. போர்ட்டலில் இன்னும் "Offer Pending" என்றுதான் இருக்கிறது.

அந்த பிடிஎஃப்பை நிதானமாகப் படித்தால் ஒன்று தெரியும். நாம் செய்ய வேண்டியதெல்லாம் அதில் கறாராக இருக்கும்: பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், ஒரு அரியர்கூட நிற்கக் கூடாது, சேரும்போது பாண்டில் கையெழுத்து, கம்பெனி கொடுக்கும் ஆன்லைன் கோர்ஸை முடித்திருக்க வேண்டும். அவர்கள் செய்ய வேண்டியது என்று வரும்போது மட்டும் "பிசினஸ் தேவையைப் பொறுத்து", "பின்னர் தெரிவிக்கப்படும்". சேரும் தேதி கிடையாது, ஊர் கிடையாது, சம்பளம்கூட "தோராயமாக" என்றுதான். இது வேலைக்கான ஆஃபர் அல்ல என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரியும் உண்டு. ஆஃபர் லெட்டர் என்றால் பதவி, சம்பளப் பிரிவுகள், சேரும் தேதி, எந்தத் தேதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். இது இல்லாத காகிதத்தை நம்பி வீட்டில் கடன் கணக்குப் போடாதீர்கள்.

இதைவிட மோசம் கல்லூரியின் "ஒரு மாணவருக்கு ஒரு வேலை" விதி. பெயர் படித்த அன்றே என் பெயர் பிளேஸ்மென்ட் பட்டியலில் "செலக்டட்" ஆகிவிட்டது, அதற்கப்புறம் வந்த எந்தக் கம்பெனிக்கும் உட்கார விடவில்லை. ஜனவரியில் சம்பளம் குறைவான ஒரு சின்ன கம்பெனி வந்தது, அதில் போன என் ரூம்மேட் ஜூலையிலேயே வேலையில் சேர்ந்துவிட்டான். நான் பிளேஸ்மென்ட் சாரிடம் போனால் "பெரிய கம்பெனி தம்பி, லேட்டானாலும் கூப்பிடுவாங்க" என்கிறார். அவருக்கென்ன, கல்லூரி வாசல் பேனரில் என் போட்டோ இருக்கிறது.

ரெக்ரூட்டருக்கு நான் முதலில் எழுதியதெல்லாம் "மேடம், எனி அப்டேட்?" வகைதான். அதற்கு வரும் பதில் எப்போதும் ஒன்றே: பொறுமைக்கு நன்றி, விரைவில் தெரிவிப்போம். பிறகு ஒரு சீனியர் அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி வேறு மாதிரி எழுதினேன். கேண்டிடேட் ஐ.டி., தேர்வான தேதி, லெட்டரின் எண் எல்லாம் முதல் வரியிலேயே. அப்புறம் நேராகக் கேள்வி:

"என் தேர்வு இன்னும் செல்லுபடியாகிறதா, ரத்தாகிவிட்டதா? செல்லுபடியாகிறது என்றால் ஆஃபர் லெட்டர் எந்தக் காலாண்டில் வரும்? இடையில் நான் வேறு கம்பெனியில் சேர்ந்து பி.எஃப். கணக்கு தொடங்கினால் என் தேர்வு பாதிக்கப்படுமா? இந்த மாத இறுதிக்குள் பதில் வராவிட்டால், வேறு வேலை தேடிக்கொள்ள கல்லூரியிடம் அனுமதி கேட்பேன்."

பிளேஸ்மென்ட் ஆபீசருக்கும் காப்பி போட்டேன். பி.எஃப். கேள்வி ஏன் என்றால், அந்த லெட்டரில் "ஃப்ரெஷராக மட்டுமே" என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. இடையில் எங்காவது வேலை பார்த்தால் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத யு.ஏ.என். என்ற பி.எஃப். நம்பரில் அந்தப் பதிவு நிற்கும், பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் தெரிந்துவிடும். அதைக் காட்டியே கழற்றிவிட வழி இருக்கிறது.

இந்த முறை பதில் கொஞ்சம் மாறியது. தேர்வு செல்லுபடியாகத்தான் இருக்கிறதாம், காலம் சொல்ல முடியாதாம், வேறு வேலையில் சேர்வது "உங்கள் விருப்பம்" என்றாராம். பி.எஃப். பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் அந்த "உங்கள் விருப்பம்" எழுத்தில் வந்ததே, அதை பிரின்ட் எடுத்துக்கொண்டு போய்த்தான் பட்டியலில் இருந்து என் பெயரை எடுக்க வைத்தேன். எங்கள் பேட்ச் பசங்க நிறைய பேர் இன்னும் போனில்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். போனில் சொன்னதற்கு அத்தாட்சி எதுவும் கிடையாது, மெயிலிலேயே கேளுங்கள், அதுவும் கல்லூரி மெயில் ஐ.டி.யில் இருந்து அனுப்பாதீர்கள், பாஸ் ஆனதும் சில கல்லூரிகளில் அதை மூடிவிடுகிறார்கள்.

நான் இப்போது கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். அந்த போர்ட்டலை வாரம் ஒரு முறை திறந்து பார்ப்பதையும் விடவில்லை. லெட்டர் வந்தால் சம்பளத்தையும் பாண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்வேன்.