பிரஸ் மீட்டை சுருக்குறப்போ பேசுன வரிசையில போகலாமா, தலைப்பு வாரியா போகலாமா?

பிரஸ் மீட் டிரான்ஸ்கிரிப்ட்ட நியூஸ்லெட்டருக்கு சுருக்கணும்னா பெருசா ரெண்டு வழிதான். பேசுன வரிசையிலயே போறது ஒண்ணு, அதாவது முதல்ல பிரஸ் மீட் நடத்துனவங்க வாசிச்ச அறிக்கை, அப்புறம் கேள்வி பதில். இல்லனா எல்லாத்தையும் கலைச்சுப் போட்டு தலைப்பு வாரியா அடுக்குறது. நாலஞ்சு கேள்வி பதில மட்டும் அப்படியே எடுத்துப் போடுறவங்களும் இருக்காங்க, ஆனா எதை எடுக்குறோம்ங்குறதுலயே நம்ம சாய்வு உள்ள வந்துரும், அதனால அத முழு வழியா நான் எண்ணுறதில்ல, ஒரே ஒரு இடத்துல மட்டும் அது கைகொடுக்கும்.

வரிசைப்படி எழுதுனா நடுநிலையா இருக்கும்னு நிறைய பேர் நம்புறாங்க, நாம எதையும் மாத்தலையேனு. அது அவ்வளவு சுலபமில்ல. ஒரு கற்பனை உதாரணம் பாருங்க. ஒரு ஊர்ல மெயின் குடிநீர் பைப் உடைஞ்சிருச்சு, நிர்வாகத் தலைவர் 40 நிமிஷம் பேசுறார். எழுதிக் கொண்டுவந்த அறிக்கையில "48 மணி நேரத்துல சப்ளை முழுசா வந்துரும்"னு இருக்கு. 31வது நிமிஷத்துல ஒரு நிருபர் மேட்டுப் பகுதியப் பத்தி கேட்குறார், "அங்க 72 மணி நேரம் ஆகலாம்"னு பதில் வருது. 35வது நிமிஷத்துல இன்னொருத்தர் "3 மாசம் முன்னாடியே லீக்னு புகார் வந்துச்சே, ஏன் சரி பண்ணல?"னு கேட்க, "விசாரணை நடக்குது, இப்ப பேச முடியாது"ங்குறார்.

இத வரிசைப்படி 150 வார்த்தைக்கு சுருக்குனா மேல இருக்குற பாதி அவர் ஆபீஸ் எழுதிக் கொடுத்த அறிக்கைதான். 72ங்குறது கடைசி பாராவுல எங்கயோ ஒளிஞ்சிருக்கும், மெயில மேலோட்டமா பாக்குறவர் 48ஓட கிளம்பிருவார். ஒரு வார்த்தைகூட தப்பில்ல, ஆனா எது முதல்ல வரணும்ங்குற முடிவ பேசுனவர் கையிலயே கொடுத்துட்டோம்.

தலைப்பு வாரியா போனா 'தண்ணி எப்ப வரும்'ங்குற தலைப்புக்கு கீழ ரெண்டு பதிலும் பக்கத்துல பக்கத்துல வந்துரும், வாசகருக்கு வேண்டியது அதுதான். ஆனா இதுல வேற ஒரு குழி இருக்கு. கை தன்னால "பெரும்பாலான பகுதிகளுக்கு 48 மணி நேரத்திலும், மேட்டுப் பகுதிகளுக்கு 72 மணி நேரத்திலும் சப்ளை வரும் என்றார்"னு எழுதிரும். படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அவர் அப்படி சொல்லவே இல்லையே. முதல்ல 'முழுசா'னு சொன்னார், கேட்ட பிறகுதான் மாறுச்சு. அந்த முரண்பாட்ட நாமளே இஸ்திரி போட்டு கொடுத்த மாதிரி ஆயிரும். நான் எழுதுனா இப்படித்தான்:

"48 மணி நேரத்தில் சப்ளை முழுமையாகத் திரும்பும் என்று தொடக்க அறிக்கையில் கூறினார். மேட்டுப் பகுதிகள் பற்றிக் கேட்டபோது, அங்கு 72 மணி நேரம் ஆகலாம் என்றார்."

நடுவுல 'ஆனால்' போடல, 'ஒப்புக்கொண்டார்'னும் போடல, அந்த ரெண்டுமே நம்ம தீர்ப்பு. மத்தபடி எது அறிக்கை, எது கேட்டதால வந்த பதில்னு தெரிஞ்சா போதும், மிச்சத்த வாசகரே புரிஞ்சுக்குவார். இதுக்காகத்தான் டிரான்ஸ்கிரிப்ட்ட வெட்டி ஒட்டுறப்போ ஒவ்வொரு வரி முன்னாடியும் நிமிஷத்தையும், அறிக்கையா பதிலாங்குறதையும் குறிச்சு வெச்சுக்குவேன், கடைசி டிராஃப்ட் முடியுற வரைக்கும் அத அழிக்க மாட்டேன்.

அந்த 35வது நிமிஷக் கேள்விக்கு மட்டும் கேள்வி பதில் வடிவம்தான் சரி. "3 மாதங்களுக்கு முன்பே வந்த புகார் பற்றிப் பேச மறுத்தார்"னு எழுதுனா புகார் வந்தது உண்மைனு நாமளே சொன்ன கணக்கு, ஆனா அது நிருபர் சொன்னது, தலைவர் அத ஆமானும் சொல்லல இல்லைனும் சொல்லல. "3 மாதங்களுக்கு முன்பே புகார் வந்ததாகக் குறிப்பிட்டு ஒரு நிருபர் கேட்டதற்கு, விசாரணை நடப்பதால் இப்போது பேச முடியாது என்றார்". நீளம்தான், பரவால்ல. அந்தப் புகார் நிஜமானு நாமளே விசாரிச்சு தெரிஞ்சுக்கிட்டா அத தனி வரியா, எங்க இருந்து கிடைச்சதுனு சொல்லிப் போடலாம், அவர் பேச்சோட கலக்கக் கூடாது.

வரிசைப்படி எழுதுறது ஜெயிக்கிற இடமும் இருக்கு. நாலு பேர் மாறி மாறி பேசி ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் திருத்துனா வரிசைதான் செய்தியே, அத கலைச்சா யார் யாருக்கு பதில் சொன்னாங்கனே தெரியாது. மீட்டிங் நடந்துட்டு இருக்கும்போதே அனுப்புற அப்டேட்டுக்கும் அதேதான்.

எந்த வழியில போனாலும், டிரான்ஸ்கிரிப்ட் மெஷின் போட்டதா இருந்தா எண்களையும், 'இல்ல'னு முடியுற வரிகளையும், பேசுனவர் பேரையும் வீடியோவோட ஒத்துப் பாத்துருங்க. நிருபர் குறுக்க "அப்போ அலட்சியம்தானே காரணம்"னு கேட்டது தலைவர் சொன்ன வரியோட ஒட்டிக்கிட்டு நிக்கும், தலைப்பு வாரியா வெட்டும்போது அது அப்படியே அவர் வாக்குமூலமா ஆயிரும்.