இரண்டு மழைக்காலம் கண்ட 2 மெகாபிக்சல் கேமரா செட்: இரவில் எப்படி இருக்கிறது?

எங்கள் வீட்டில் நான்கு கண்காணிப்புக் கேமரா, அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் நான்கு சேனல் டிவிஆர், 1 டிபி ஹார்ட் டிஸ்க் கொண்ட செட் ஒன்று இரண்டு ஐப்பசி மழையையும் இரண்டு சித்திரை வெயிலையும் பார்த்துவிட்டது. வைஃபை வகை அல்ல. கோஆக்சியல் கேபிளில் ஓடுகிற சாதாரண 2 மெகாபிக்சல் செட். வாசலுக்குக் குழாய் வடிவ புல்லட் கேமரா ஒன்று, பக்கவாட்டுச் சந்துக்கு ஒன்று, கொல்லைப்புறத்துக்கு ஒன்று, போர்டிகோவில் ஒரு டோம். பகலில் இதன் படத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இந்த விலையில் எந்த செட்டும் பகலில் நன்றாகவே காட்டும். எனவே இரவில் இது எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மெகாபிக்சல். கடையில் 2-ஆ 5-ஆ என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். ஆனால் முகம் தெரியுமா தெரியாதா என்பதை முடிவு செய்வதில் லென்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. கேமராவின் ஸ்டிக்கரில் 2.8, 3.6, 6 என்று மில்லிமீட்டர் கணக்கு இருக்கும். எண் சிறியதாக இருந்தால் அகலமான காட்சி, பெரியதாக இருந்தால் குறுகலான, நெருக்கமான காட்சி. செட்டில் வரும் கேமராக்கள் பெரும்பாலும் 2.8 அல்லது 3.6. எங்களுக்கு வந்தது 3.6.

எங்கள் கேட், கேமரா இருக்கும் சன்ஷேடிலிருந்து 8 மீட்டர். 3.6 லென்ஸ் அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 13 மீட்டர் அகலத்தைப் பிடிக்கிறது. 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 புள்ளிகள். வகுத்தால் ஒரு மீட்டருக்கு 145 புள்ளி வருகிறது. தெரிந்தவர் ஒருவர் கேட்டைத் திறந்தால் யாரென்று சொல்லிவிட இது போதும். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் காட்ட மீட்டருக்கு 250 புள்ளி வேண்டும் என்பது இந்தத் துறையின் தரக்கணக்கு. அதே இடத்தில் 5 மெகாபிக்சல் கேமரா மாட்டினாலும் 200-ஐத்தான் நெருங்கும். அதற்குப் பதிலாக 2 மெகாபிக்சலிலேயே 6 மில்லிமீட்டர் லென்ஸ் கேமராவை மாட்டினேன். கேட் தூரத்தில் 8 மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலமே விழுகிறது, மீட்டருக்கு 250 புள்ளி கிடைத்துவிடுகிறது. பக்கத்து வீட்டுத் திண்ணையும் தெருமுனையும் படத்தில் இல்லாமல் போயின. எனக்கு வேண்டியது கேட்டில் நிற்கும் ஆளின் முகம், அதனால் அதில் வருத்தமில்லை.

இதோடு சேர்த்து டிவிஆரில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பதிவு அமைப்புகளுக்குள் போனால் ரெசல்யூஷன் என்ற இடத்தில் `1080N` அல்லது `1080P Lite` என்று இருக்கலாம். அப்படியென்றால் பதிவாவது 960 புள்ளி அகலம்தான், அதாவது பாதி. திரையில் நேரடியாகப் பார்க்கும்போது படம் கண்ணாடி மாதிரி இருக்கும், பழைய பதிவை ஓட்டினால்தான் மங்கல் தெரியும். எங்கள் டிவிஆரும் பெட்டியிலிருந்து அப்படித்தான் வந்தது. லைட் முறையை அணைத்தால் முழு 1080 கிடைக்கிறது. பதிலுக்கு நொடிக்கு 25 பிரேம் இருந்தது 15 ஆகிறது. வீட்டுக்கு 15 தாராளம்.

அப்புறம் இரவு. வெளிச்சம் குறைந்ததும் கேமராவுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் அகச்சிவப்பு வடிகட்டி விலகும் சத்தம் அது. உடனே சுற்றியுள்ள எல்இடிகள் எரிய ஆரம்பிக்கும், படம் கறுப்பு வெள்ளையாகும். பெட்டியில் 20 மீட்டர், 30 மீட்டர் என்று போட்டிருப்பது அசையும் உருவம் தெரிகிற தூரம், முகம் தெரிகிற தூரம் அல்ல. எங்கள் வாசல் கேமராவில் கேட் வரைக்கும் முகம் நன்றாகத் தெரிகிறது, தெருவின் எதிர்ப்பக்கம் வெறும் உருவம்தான்.

இரவுப் படத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் கேமராவுக்கு வெளியேதான் இருக்கின்றன. முதல் எதிரி சிலந்தி. கேமரா முகப்பில் பூச்சி மொய்க்கும், பூச்சிக்காகச் சிலந்தி வலை கட்டும். லென்ஸுக்கு இரண்டு விரற்கடை முன்னால் இருக்கும் ஒற்றை இழை அகச்சிவப்பு ஒளியில் தடித்த வெள்ளைக் கயிறாகத் தெரியும். காற்றில் அது ஆடினால் 'மோஷன்' என்று செல்போனில் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். நீளக் குச்சியில் ஒட்டடைத் துணி கட்டி மாதம் ஒருமுறை தட்டிவிடுகிறோம். மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பினால் எச்சரிக்கையை அணைத்துவிட வேண்டியதுதான், வேறு வழியில்லை.

இரண்டாவது, பக்கத்துச் சுவர். சந்துக் கேமராவின் காட்சியில் இடது ஓரமாக வெள்ளையடித்த சுவர் பெரிதாக விழுந்தது. எல்இடி வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பியதால் கேமரா "வெளிச்சம் அதிகம்" என்று கணக்குப் போட்டு மொத்தப் படத்தையும் இருட்டாக்கியது. சந்தின் கோடியில் ஆள் நின்றால்கூடத் தெரியவில்லை. கேமராவைச் சற்றே வலப்புறம் திருப்பி, சுவர் ஒரு கீற்றாக மட்டும் விழும்படி வைத்ததும் சரியாகிவிட்டது. டோம் கேமராவில் இதே கோளாறு வேறு வடிவத்தில் வரும். மேல்மூடியில் தூசி படிந்தாலோ, லென்ஸைச் சுற்றியுள்ள கறுப்பு நுரை வளையம் மூடியோடு ஒட்டாமல் இருந்தாலோ, இரவில் படம் பனிமூட்டமாகிவிடும். பகலில் அதே கேமரா பளிச்சென்று இருப்பதால் கேமரா கெட்டுவிட்டது என்று பலர் மாற்றிவிடுகிறார்கள். மூடியைக் கழற்றி, மெல்லிய துணியால் துடைத்து, நுரை படியும்படி திருகினால் போதும்.

வண்டி நம்பரை இந்த செட்டில் இரவில் எதிர்பார்க்க வேண்டாம். நம்பர் பிளேட் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பும் பொருளால் ஆனது, எனவே அகச்சிவப்பில் வெறும் வெள்ளைக் கட்டமாகத்தான் விழும். ஹெட்லைட்டும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். அதற்கென்று ஷட்டரை வேகமாக வைத்த தனிக் கேமரா வேண்டும், அது வேறு செலவு.

பொருத்தும் வேலை கேமராவை மாட்டுவதில் இல்லை, கேபிள் இழுப்பதில் இருக்கிறது. எலக்ட்ரீஷியனும் உதவியாளரும் காலையில் ஆரம்பித்து இருட்டும் வரை செய்தார்கள். பிவிசி பைப்புக்குள் கேபிள், ஒவ்வொரு கேமராவின் பின்னாலும் ஒரு ஜங்ஷன் பாக்ஸ், படத்துக்கான பிஎன்சி பின்னும் மின்சாரத்துக்கான டிசி பின்னும் அந்த பாக்ஸுக்குள். பின்கள் வெளியே தொங்கினால் ஒரே மழையில் பச்சை பூத்துவிடும். கேபிள் பாக்ஸுக்குள் நுழையும் முன் சற்றுக் கீழிறங்கி மேலேறும்படி ஒரு வளைவு விடச் சொல்லுங்கள், நீர் அங்கேயே சொட்டிவிடும்.

இதில் ஒரு சிக்கலை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், பல வீடுகளில் இது நடக்கிறது. கொல்லைப்புறக் கேமரா பகல் முழுவதும் நன்றாக ஓடும். பொழுது சாய்ந்து எல்இடி எரிந்ததும் திரையில் `VIDEO LOSS`. சில நொடியில் படம் திரும்பும், மறுபடி போகும். மறுநாள் காலை தானாகச் சரியாகிவிடும். கடையில் கேட்டதற்கு "கேமரா போயிடுச்சு, மாத்திடலாம் சார்" என்றார்கள். எலக்ட்ரீஷியன் அண்ணன்தான், "இருங்க, கரண்ட்டை அளந்து பாத்துடலாம்" என்று மல்டிமீட்டரோடு ஏணியில் ஏறினார்.

கேமராவைக் கழற்றிவிட்டு பின்னை அளந்தால் 12 வோல்ட், சரியாக இருந்தது. கேமராவை மாட்டிய நிலையில் அளந்தபோது 10.6. அப்புறம் கேமரா முகப்பைத் துணியால் மூடி இருட்டாக்கினார். எல்இடி எரிந்ததும் 8.6-க்கு இறங்கியது, கேமரா அணைந்து அணைந்து எரிந்தது. சங்கதி இதுதான்: டிவிஆர் பக்கத்திலிருக்கும் பவர் சப்ளையிலிருந்து அந்தக் கேமராவுக்கு 35 மீட்டர் கேபிள். மின்சாரம் போய்த் திரும்ப 70 மீட்டர் கம்பி. உள்ளே இருந்தது தாமிரம் பூசிய அலுமினிய மெல்லிய கம்பி, மொத்தத்தில் 9 ஓம் வந்தது. பகலில் கேமரா 0.15 ஆம்பியர்தான் எடுக்கும், இழப்பு ஒன்றரை வோல்ட்டுக்குள். இரவில் எல்இடியோடு 0.38 ஆம்பியர், இழப்பு ஏறக்குறைய மூன்றரை வோல்ட். 9 வோல்ட்டுக்குக் கீழே போனால் அந்தக் கேமரா தாங்காது.

துவைக்கும் இடத்திலிருந்த பிளக்கில் 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் ஒன்றை பாக்ஸுக்குள் வைத்து, அந்தக் கேமராவுக்கு மட்டும் அங்கேயே மின்சாரம் கொடுத்தோம். படம் பழைய கேபிளிலேயே வருகிறது. அன்றிலிருந்து ஒரு இரவும் படம் போகவில்லை. 20 மீட்டரைத் தாண்டும் கேமரா இருந்தால், கேபிள் வாங்கும்போதே முழுத் தாமிரமா என்று முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

சேமிப்புக்கு வருகிறேன். வீடியோவைச் சுருக்கும் `H.265` முறையில் கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்திருக்கிறேன். ஒரு கேமராவுக்கு ஒரு நாளில் 21.6 ஜிபி, நான்குக்கும் சேர்த்து 86 ஜிபி. 1 டிபி டிஸ்க் 11 நாள் தாங்கும், பிறகு பழையதன் மேல் புதியது எழுதப்படும். பழைய `H.264`-இல் 4 மெகாபிட் வைத்தால் ஆறு நாள்கூட நிற்காது. எதிர்வீட்டு அக்கா ஒருநாள் வந்து, "தம்பி, போன மாசம் எங்க வண்டிய யாரோ இடிச்சுட்டுப் போனாங்களே, உங்க கேமராவுல இருக்குமா?" என்று கேட்டபோது இல்லையென்றுதான் சொல்ல முடிந்தது. அதன் பிறகு 2 டிபி போட்டுவிட்டேன், இப்போது 23 நாள். அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்யும் முறையில் இன்னும் நீளும், ஆனால் இரவில் மெதுவாக நடந்து வரும் ஆளின் முதல் சில நொடிகள் தவறிப்போகின்றன. அதனால் தொடர் பதிவிலேயே விட்டிருக்கிறேன். டிஸ்க் மட்டும் கண்காணிப்புக்கென்று வரும் வகையாக இருக்கட்டும். கணினி டிஸ்க் இரவு பகல் ஓயாத எழுத்துக்காகச் செய்யப்பட்டதல்ல.

கிளவுட் சேமிப்பு வேண்டாம் என்று முடிவு செய்தேன். மாதச் சந்தா ஒரு பக்கம். நான்கு கேமராவும் சேர்ந்து 8 மெகாபிட் அப்லோடு எப்போதும் ஓட வேண்டும் என்பது இன்னொரு பக்கம். ஆனால் டிவிஆரையே திருடன் தூக்கிக்கொண்டு போனால் எல்லாம் போச்சு. அதற்காக அது ஹாலில் டிவிக்குக் கீழே இல்லை. பரணில், பூட்டிய அலமாரிக்குள், பின்பக்கம் காற்றோட்டத்துக்குத் துளையிட்டு வைத்திருக்கிறது.

மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டருக்கு மாறும் கண்ணிமைப்பில் டிவிஆர் அணைந்து மறுபடி கிளம்பும், இரண்டு நிமிடம் பதிவு இருக்காது. சிறிய கம்ப்யூட்டர் யுபிஎஸ் ஒன்றை டிவிஆருக்கும் மோடத்துக்கும் வைத்ததும் அது நின்றது. கடிகாரத்தையும் `NTP` மூலம் இணையத்தோடு இணைத்துவிடுங்கள். காவல் நிலையத்துக்குப் பதிவு கொடுக்க நேர்ந்தால் அதில் தெரியும் நேரம்தான் முதல் கேள்வியாக இருக்கும். வழக்கு நீதிமன்றம் வரை போனால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி பதிவோடு சான்றிதழும் கேட்பார்கள். அதனால் டிஸ்கிலிருக்கும் மூலப்பதிவு மேலெழுதப்பட்டு அழிந்துவிடாமல் டிஸ்கைக் கழற்றித் தனியே எடுத்து வைப்பது நல்லது.

கொல்லைப்புறக் கேமராவை மட்டும் அடுத்த ஆடிக்குள் மாற்றப் போகிறேன். ஆள் நடமாட்டம் கண்டால் வெள்ளை விளக்கு எரிந்து வண்ணத்தில் பதிவு செய்யும் வகை ஒன்று. கறுப்பு வெள்ளையில் சட்டை நிறத்தைச் சொல்ல முடிவதில்லை, அகச்சிவப்பில் சில கறுப்புத் துணிகள் வெள்ளையாகவே தெரிகின்றன. வாசலில் இந்த மாற்றம் செய்ய மாட்டேன். அங்கே தெருவிளக்கு இருக்கிறது, 6 மில்லிமீட்டர் கேமரா தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.