300 டிபிஐ என்று காசு வாங்கிவிட்டு 72-ஐத் தலையில் கட்டினார்கள்

48 பக்க பிடிஎஃப் ஒன்றைப் பக்கத்துக்கு ஒரு படமாக மாற்றி அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டது 300 டிபிஐ, அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 பிக்சல். அவசரத்தில் இணையத்தில் மாற்றித் தரும் ஒரு தளத்தில் ஏற்றினேன். இலவசமென்றால் 72 மட்டும்தான், 300 வேண்டுமானால் சந்தா கட்டு என்றது. கட்டினேன்.

படங்கள் வந்தன. கோப்பின் விவரத்தைத் திறந்தால் 300 டிபிஐ என்றே இருந்தது. நானும் நம்பி அனுப்பிவிட்டேன். "என்ன சார், ஒவ்வொரு பக்கமும் ரெண்டு இன்ச் அகலத்துல வருது?" என்று அச்சகத்திலிருந்து போன்.

அப்புறம்தான் பிக்சலைப் பார்த்தேன்: 595 × 842. ஏ4 தாளை 72 டிபிஐயில் எடுத்தால் வரும் அளவு அது. படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, 300 என்ற எண்ணை மட்டும் கோப்பில் எழுதியிருக்கிறார்கள். 595-ஐ 300-ஆல் வகுத்தால் இரண்டு இன்ச்தானே வரும்! ஏ4-இன் அகலம் 8.27 இன்ச். அதை 300-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 2480 பிக்சல் இருந்திருக்க வேண்டும்.

புகார் அனுப்பினேன். மறுநாள் புதிய படங்கள் வந்தன, இந்த முறை கச்சிதமாக 2480 × 3508. சரி, திருந்திவிட்டார்கள் என்று நினைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தெல்லாம் பஞ்சு பஞ்சாக இருக்கிறது. அடிக்குறிப்பில் 'க்' எது, 'க' எது என்றே தெரியவில்லை. பழைய சின்னப் படத்தையே இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். 72 டிபிஐயில் 10 பாயின்ட் எழுத்துக்கு உயரம் மொத்தமே 10 பிக்சல். அதில் மெய்யெழுத்தின் புள்ளி சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டாகத்தான் விழும். அதை நான்கு மடங்கு இழுத்தால் பெரிய சாம்பல் பொட்டு கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆகவே யாரிடமாவது காசு கொடுத்து மாற்றினால் டிபிஐ எண்ணை நம்பாதீர்கள். முதலில் பிக்சலைப் பாருங்கள், பிறகு இருப்பதிலேயே பொடியான எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இன்னும் சந்தேகமென்றால் பாப்ளர் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள கருவியால் முதல் பக்கத்தை மட்டும் நீங்களே எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்:

```
pdftoppm -r 300 -f 1 -l 1 -png malar.pdf pakkam
```

`-f 1 -l 1` என்பதை எடுத்துவிட்டால் எல்லாப் பக்கமும் வரும். `-r` கொடுக்க மறந்தால் 150-இல் எடுத்துவிடும், கவனம். என் 48 பக்கமும் pakkam-01.png முதல் வரிசையாக வந்து விழுந்தன, புள்ளிகள் எல்லாம் கருகருவென்று.

ஒன்றை மட்டும் அந்தத் தளத்தின் சார்பில் சொல்ல வேண்டும். பிடிஎஃப்பே மங்கலாக ஸ்கேன் செய்யப்பட்டதாக இருந்தால் எந்தக் கருவியாலும் தெளிவைக் கூட்ட முடியாது. அதே பாப்ளரில் உள்ள `pdfimages -list malar.pdf` கொடுத்து x-ppi என்ற பத்தியைப் பார்த்தால் உள்ளே இருக்கும் படங்களின் உண்மையான தெளிவு தெரிந்துவிடும். என் கோப்பு ஸ்கேன் இல்லை, தட்டச்சு செய்த எழுத்து. அதை எந்த அளவில் எடுத்தாலும் கூர்மையாகத்தான் வந்திருக்க வேண்டும். இதையும் எழுதி அனுப்பினேன், பதில் இல்லை. பணமும் வரவில்லை. அடுத்த மாதத்துக்கும் தானாகப் பிடிக்காமல் இருக்கச் சந்தாவை ரத்து செய்துவிட்டேன்.