முழுச் சொல்லா, வெட்டிய சொல்லா? ஒரு கிரயப் பத்திரத்தை அழித்துக் கவிதை எடுத்த கதை

அழிப்புக் கவிதை எழுதுகிறவர் புதிதாக ஒரு சொல்லும் எழுதுவதில்லை. ஒரு பழைய உரைநடைப் பக்கத்தை எடுத்து, வேண்டாத சொற்களை மை பூசி மறைக்கிறார். மிஞ்சி நிற்பதுதான் கவிதை. எதை மிச்சம் வைப்பது என்று முடிவு செய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. சொல்லை முழுசாக வைக்கலாம், அல்லது சொல்லையே வெட்டி அதில் ஒரு துண்டை மட்டும் வைக்கலாம். தமிழில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டையும் செய்து பார்த்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது.

நான் எடுத்துக்கொண்ட பக்கம் எங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்த ஒரு கிரயப் பத்திரம். கொல்லம் 1107 கார்த்திகை, அதாவது 1931-ன் கடைசி. சேரன்மகாதேவிப் பக்கத்து வயல். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூலப் பத்திரத்தில் பேனா படக்கூடாது, அதில் மட்டும் கவனமாக இருங்கள். பக்கத்தின் பிற்பாதி, பெயர்களை நீக்கி, இப்படிப் போகிறது:

"கன்னடியன் கால்வாய்க்குத் தெற்கு, தங்கள் வயலுக்கு மேற்கு, கோவில் நிலத்துக்கு வடக்கு, ஓடைக்குக் கிழக்கு, இந்த நான்கு எல்கைக்கு உட்பட்ட நஞ்சை மூன்று மரக்கால் விதைப்பாடும், அதிலுள்ள மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும், இன்று முதல் தாங்களே சந்திரனும் சூரியனும் உள்ள வரையில் ஆண்டு அனுபவித்துக் கொள்ளவும். இதில் எனக்கும் என் பாரம்பரியத்தாருக்கும் யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை."

எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒன்றுதான்: வினைமுற்றைத் தேடுவது. பத்திர நடையில் வாக்கியம் முடியவே முடியாது, எச்சங்களாகவே ஓடும். இந்தப் பகுதியில் முடிகிற இடம் இரண்டுதான், "கொள்ளவும்", "இல்லை". தமிழில் வாக்கியம் வினையில் போய் நிற்பதால், நிற்கிற இடத்தை முதலில் பிடித்துவிட்டு அங்கிருந்து மேலே ஏற வேண்டும். மேலிருந்து அழகான சொல்லாகப் பொறுக்கிக்கொண்டு வந்தால், கடைசியில் அவற்றைத் தாங்க வினை இருக்காது. பெயர்ச்சொல் பட்டியல்தான் கையில் நிற்கும். என் முதல் இரண்டு ஜெராக்ஸும் அப்படித்தான் வீணாயின. மூன்றாவதில் "இல்லை"யைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டுத் தொடங்கினேன்.

முதலில் முழுச்சொல் வழி. எனக்குப் பளிச்சென்று தெரிந்தது "மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும்". ஆனால் இதை அப்படியே வைத்தால் அது பத்திரம் எழுதியவரின் அழகு, அழித்தவருக்கு அதில் பங்கில்லை. பழைய பத்திரங்களில் வழிவழியாக வருகிற வாசகம் அது. அதனால் நடுவில் இரண்டு சொல்லை, "மரமும் கீழ்நோக்கிய" என்பதை மட்டும், மறைத்துப் பார்த்தேன். "மேல்நோக்கிய கிணறும்" என்று நின்றது. வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற கிணறு! கிணறும் என்பதில் இருக்கிற உம் தனக்கு ஒரு ஜோடி கேட்டது. மூன்று சொல் தள்ளி "சந்திரனும்" இருந்தது. "சூரியனும்" என்பதை மறைத்தேன்.

மேல்நோக்கிய
கிணறும்
சந்திரனும்
உள்ள வரையில்

இதே நாலு வரியை வெட்டும் வழியில் எடுக்க முயன்றால் என்ன ஆகிறது பாருங்கள். உம் வேண்டாம் என்று நினைத்தால், "கிணறும்" என்பதில் கடைசி ம் போனால் "கிணறு" சுத்தமாகக் கிடைக்கும். "சந்திரனும்" அப்படி இல்லை. அதிலிருந்து "சந்திரன்" எடுக்க முடியாது, ஏனென்றால் அங்கே ன் இல்லை, னு இருக்கிறது. னுவை மறைத்தால் "சந்திர", பிறகு ஒரு ஓட்டை, பிறகு ஒரு ம். வாசிப்பவர் அதைச் "சந்திரம்" என்பார். "மரமும்" என்பதில் மு போனால் "மர", இடைவெளி, "ம்" என்று நின்று எப்படியோ மரம் என்று வாசித்துவிடலாம், ஆனால் நடுவில் பல் விழுந்த மாதிரி இருக்கும். "நிலத்துக்கு" என்பதில் நிலம் கிடைக்கவே கிடைக்காது, "நில" என்று மொட்டையாக நிற்கும். காரணம் எளியது. அழிப்பில் இருப்பதை எடுக்கலாம், இல்லாத புள்ளியை வைக்க முடியாது. வேற்றுமை உருபோ உம்மோ சேரும்போது மெய் உயிரோடு கலந்துவிடுகிறது, இல்லையேல் நிலத்தின் ம் போல விழுந்துவிடுகிறது. கலந்ததைப் பிரிக்க மைக்குத் தெரியாது.

ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் குறைவு. டாம் பிலிப்ஸ் என்ற ஆங்கிலேய ஓவியர் 1966-ல் ஒரு பழைய நாவலை வாங்கிப் பக்கம் பக்கமாக ஓவியம் தீட்டி மறைத்தார். அவர் படைப்பின் தலைப்பே, பக்கத்தை மடித்தபோது அந்த நாவலின் பெயரான 'ஹ்யூமன் டாக்குமெண்ட்' நடுவில் மறைந்து 'ஹ்யூமுமெண்ட்' என்று கிடைத்தது. எழுத்தெழுத்தாக வரிசையில் நிற்கிற மொழிக்கு அது வாய்க்கும். நம் எழுத்தில் பெரும்பாலான கட்டங்களில் மெய்யும் உயிரும் பிணைந்திருக்கின்றன.

அப்படியானால் வெட்டவே கூடாதா என்றால், அங்கேதான் நான் மனம் மாறினேன். முழுச்சொல் வழியில் எனக்குக் கிடைத்த முடிவு "எனக்கும் யாதொரு பின்தொடர்ச்சியும் இல்லை". இலக்கணம் சரி, ஆனால் பத்திர வாடை போகவில்லை. கிணறும் நிலாவும் வந்த பிறகு மறுபடி சார்பதிவாளர் அலுவலகத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. "பாரம்பரியத்தாருக்கும்" என்ற நீளச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் தலையில் மூன்றே எழுத்தில் "பாரம்" இருந்தது. ம் புள்ளியோடு, தயாராக.

எனக்கும்
பாரம்
இல்லை

இதை விட மனசு வரவில்லை. அதனால் முழுச்சொல்லே விதி, ஒரு கவிதைக்கு ஒரே ஒரு வெட்டு என்று எனக்கு வகுத்துக்கொண்டேன். அந்த வெட்டும் சொல்லின் தலையிலிருந்து இடைவெளி இல்லாமல் வர வேண்டும். நடுவிலிருந்து எழுத்துப் பொறுக்கக் கூடாது. பொறுக்க அனுமதித்தால் "அனுபவித்து" என்பதில் "அவி" எடுக்கலாம், அடுத்த வரியில் வேறொன்று எடுக்கலாம், முழுப் பக்கத்தில் எந்தச் சொல் வேண்டுமானாலும் கிடைக்கும். இதே கவிதையை ரேஷன் கடை அறிவிப்பிலிருந்தும் எடுத்திருக்க முடியும் என்றால், இந்தப் பத்திரம் எதற்கு?

ஒற்றுக்கு மட்டும் சலுகை தருகிறேன். "ஓடைக்குக் கிழக்கு" என்பதில் கிழக்கை மறைத்தால் அந்தக் க் அந்தரத்தில் தொங்கும். அதையும் மறைத்துவிடலாம், அதை வெட்டு என்று நான் எண்ணுவதில்லை.

மை விஷயம் சின்னது. முழுச்சொல் வழிக்குக் கறுப்பு ஸ்கெட்ச் போதும், சொல்லுக்குச் சொல் பட்டையாக நிற்கும். வெட்டும் இடத்தில் கறுப்பு அடுத்த எழுத்தின் காலைத் தின்றுவிடுகிறது. "பாரம்" எடுத்தபோது அந்த ஒரு இடத்துக்கு வெள்ளை ஒயிட்னரும் நுனி மெலிந்த தூரிகையும் தேவைப்பட்டன.

முடித்ததைச் சித்தப்பாவிடம் காட்டினேன். நாற்பது வருஷம் பத்திரம் எழுதியவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"ஏல, அடித்தல் இம்புட்டு இருக்கே. எங்க காலத்துல ஒவ்வொரு அடித்தலுக்கும் கையெழுத்து வாங்கணும், தெரியும்லா?"

"கவிதை எப்படி இருக்கு சித்தப்பா?"

அவர் பாரத்தின் மேல் விரலை வைத்தார். "வித்தவரு அன்னைக்கு இத எழுதச் சொல்லியிருக்க மாட்டாரு. ஆனா நெனச்சிருப்பாரு."

அப்புறம் மூலப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, அந்தக் கிணறு இப்போது எந்த சர்வே எண்ணில் வரும் என்று பார்க்க ஆரம்பித்தார்.